ஒரே மருந்துச் சீட்டை மூன்று தடவை படிப்பது

"மருந்தாளுநர் உரிமத் தேர்வுக்கு இன்னும் எட்டு வாரம்தான் இருக்கிறது. பகலில் வேலை, ராத்திரி இரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறது. சட்டம் படித்தால் நாலு நாளில் மறந்துவிடுகிறது. டோஸ் கணக்கில் சின்னச் சின்னத் தப்பு வருகிறது. மருந்து இடைவினைப் பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எதை எந்த வரிசையில் திருப்பிப் படிப்பது?"

எட்டு வாரத்தை மூன்றாகப் பிரித்து, முதலில் சட்டம், அப்புறம் மருந்து வழங்கல், கடைசியில் இடைவினை என்று போகாதீர்கள். முதல் வாரத்தில் படித்த சட்டம் எட்டாவது வாரத்தில் கையில் இருக்காது. அதோடு, தேர்வில் மதிப்பெண் அதிகம் போகும் கேள்விகள் மூன்று பாடத்தையும் ஒரே சீட்டில் கலந்து வருபவை. புதிதாகச் சேர்ந்த மருந்தாளுநர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்துவருகிறேன். ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாகக் கேட்டால் சரியாகச் சொல்பவர்கள்கூட, முழுச் சீட்டு ஒன்றை நீட்டினால் ஏதாவது ஒரு பக்கத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். அதனால் முதல் நாலு வாரம் மூன்றையும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படியுங்கள். அடுத்த மூன்று வாரம் முழுச் சீட்டுகள் மட்டும். கடைசி வாரம் சட்டமும் உங்கள் தப்புகளும்.

முழுச் சீட்டு என்று நான் சொல்வது என்னவென்று ஒன்றைப் பிரித்தே காட்டுகிறேன். 62 வயதுப் பெண்மணி, முடக்குவாதத்துக்குச் சில ஆண்டுகளாக மருந்து எடுப்பவர். ஒரு மருத்துவர் எழுதிய சீட்டில் மெத்தோட்ரெக்சேட் 2.5 மி.கி. மாத்திரை, "6 மாத்திரை, சொன்னபடி", மொத்தம் 24 என்று இருக்கிறது. வேறொரு மருத்துவர் இன்றைக்கு எழுதிய சீட்டில், சிறுநீர்த் தொற்றுக்குக் கோ-ட்ரைமாக்சசோல் 960 மி.கி., தினம் இரண்டு வேளை, ஏழு நாள். இந்த இரண்டையும் மேசையில் வைத்து மூன்று தடவை படிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கேள்வியோடு மட்டும் படிப்பதுதான் இதில் முக்கியம்.

முதல் தடவை: இந்தச் சீட்டுக்கு மருந்து கொடுக்க எனக்கு அனுமதி இருக்கிறதா? எழுதியவருக்கு இந்த மருந்தை எழுதும் தகுதி உண்டா, தேதி செல்லுபடியாகுமா, நோயாளியின் பெயரும் எழுதியவரின் கையொப்பமும் இருக்கிறதா, இதே சீட்டில் ஏற்கெனவே மருந்து வழங்கப்பட்டிருக்கிறதா, மறுபடி வழங்க அனுமதி இருக்கிறதா. இந்த நேரத்தில் மருந்தின் வேலை என்ன, அளவு என்ன என்றெல்லாம் யோசிக்கவே கூடாது. யோசித்தால் கண் தானாக மருந்துப் பெயருக்குத் தாவும், தேதி விட்டுப்போகும்.

இரண்டாவது தடவை: எழுதியதைச் சரியாகக் கொடுத்துவிட முடியுமா? இங்கேதான் "சொன்னபடி" என்ற சொல் உறுத்த வேண்டும். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு தடவைதான். தினமும் எடுத்தால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிருக்கே ஆபத்தாகும். எண்ணிக்கையைப் பாருங்கள். 24 மாத்திரை, ஒரு தடவைக்கு 6 என்றால் நாலு தடவைக்கு வரும், அதாவது நாலு வாரம். தினசரி என்று நினைத்து எழுதியிருந்தால் நாலு வாரத்துக்கு 168 மாத்திரை இருந்திருக்கும். ஆக, எண்ணிக்கையே ஒரு சாட்சி. ஆனால் சாட்சி இருக்கிறது என்பதற்காக நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. எழுதியவரிடம் கேட்டு உறுதி செய்துவிட்டு, லேபிளில் "வாரத்தில் ஒரு நாள் மட்டும், திங்கட்கிழமை 6 மாத்திரை" என்று கிழமையோடு எழுத வேண்டும். இன்னொன்று, இதே மருந்து 10 மி.கி. மாத்திரையாகவும் வருகிறது. எடுக்கும்போது பெட்டி மாறினால் 6 மாத்திரை 15 மி.கி. ஆகாது, 60 மி.கி. ஆகிவிடும். தேர்வில் இதை "சமமான மாற்று" என்ற போர்வையில் ஒரு விடையாக வைப்பார்கள்.

மூன்றாவது தடவை: நோயாளி ஏற்கெனவே எடுப்பதோடு இது மோதுகிறதா? மெத்தோட்ரெக்சேட்டும் ட்ரைமெத்தோப்ரிமும் ஃபோலேட் பாதையில் ஒரே நொதியைத் தடுக்கின்றன. கோ-ட்ரைமாக்சசோலில் உள்ள சல்ஃபாமெத்தாக்சசோல் வேறு, மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதைக் குறைக்கிறது. ஒரு பக்கம் விளைவு கூடுகிறது, இன்னொரு பக்கம் மருந்தே உடம்பில் தங்குகிறது. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் இறங்கும். வாய்ப்புண், தொண்டை வலி, காய்ச்சல், காரணமில்லாத ரத்தக்கட்டு எல்லாம் அதன் அடையாளம். "காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று இடைவெளி விட்டு எடுக்கச் சொல்லலாம்" என்று ஒரு விடை இருக்கும். அது தப்பு. மெத்தோட்ரெக்சேட் செல்லுக்குள் பல நாள் தங்கும் மருந்து, சில மணி நேர இடைவெளி எதையும் மாற்றாது. "அவர் ஃபோலிக் அமிலம் எடுக்கிறாரே, அது காப்பாற்றும்" என்பதும் தப்பு. முற்றிய நச்சுத்தன்மைக்குக் கொடுப்பது ஃபோலினிக் அமிலம், பெயர் ஒத்திருந்தாலும் மருந்து வேறு. சரியான விடை, கோ-ட்ரைமாக்சசோலைக் கொடுக்காமல் எழுதியவரைக் கூப்பிட்டு மாற்று ஆன்டிபயாட்டிக் கேட்பது.

இப்படி ஒரு சீட்டுக்கு ஆரம்பத்தில் அரை மணி நேரம் ஆகும். பரவாயில்லை. ஏழாவது வாரத்தில் அது ஏழெட்டு நிமிடமாகிவிடும்.

சரி, இதற்கு அடித்தளம் போடும் முதல் நாலு வாரத்துக்கு வருவோம். சட்டம் மறந்துபோவதற்குக் காரணம், அதைப் பிரிவு எண் வரிசையில் படிப்பது. பிரிவு எண்ணுக்கும் உங்கள் வேலைக்கும் நடுவே எந்தக் கொக்கியும் இல்லை. ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். இடது ஓரத்தில் உங்கள் நாட்டுச் சட்டம் வைத்திருக்கும் மருந்து வகைகள்: சீட்டில்லாமல் கொடுக்கக்கூடியவை, சீட்டு இருந்தால் மட்டும் கொடுக்கக்கூடியவை, கட்டுப்படுத்தப்பட்டவற்றின் உட்பிரிவுகள். மேலே ஆறு கேள்விகள்: யார் எழுதலாம், சீட்டு எத்தனை நாள் செல்லும், ஒரு தடவையில் எவ்வளவு கொடுக்கலாம், மறுபடி வழங்கலாமா, எங்கே வைத்துப் பூட்ட வேண்டும், என்ன பதிவேட்டில் எழுதி எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும். கட்டங்களை நீங்களே சட்டப் புத்தகத்தைப் பார்த்து நிரப்புங்கள். இதில் நான் உங்களுக்கு எண் எதுவும் தர மாட்டேன். நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலமும் மாறும். தேர்வு வாரியம் எந்தத் தேதி வரையிலான சட்டத்தைக் கேட்கிறது என்று அவர்கள் பாடத்திட்டத்தில் பார்த்துக்கொண்டு, அந்தத் தேதியைத் தாளின் மேலே எழுதிவிடுங்கள். நிரப்பியதும் இரண்டு நாளுக்கு ஒரு தடவை வெற்றுக் கட்டம் போட்டு, பார்க்காமல் நிரப்பிப் பாருங்கள். காலியாக நிற்கும் கட்டங்களைத்தான் அன்றைக்குப் படிக்க வேண்டும்.

நாடு மாறினாலும் மாறாத ஒரு வேர் உண்டு, அது தெரிந்தால் கட்டத்தில் பாதி புரியும். பெரும்பாலான நாடுகளின் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இரண்டு ஐ.நா. உடன்படிக்கைகளைத் தழுவியவை. 1961-ஆம் ஆண்டின் உடன்படிக்கை போதை மருந்துகளுக்கு: மார்ஃபின், ஃபென்டனில், கோடீன் எல்லாம் அதில் வரும். 1971-ஆம் ஆண்டின் உடன்படிக்கை மனநிலையைப் பாதிக்கும் மருந்துகளுக்கு: டயசெபாம், மெத்தில்ஃபெனிடேட் போன்றவை. டயசெபாமுக்கும் மார்ஃபினுக்கும் பூட்டும் பதிவேடும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன என்று குழம்புபவர்களுக்கு இந்தப் பிரிவே பதில். பொறி ஒன்று சொல்கிறேன். கோடீன் 1961 உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது, மெத்தில்ஃபெனிடேட் 1971 உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தின் "இரண்டாம் அட்டவணை" இந்த இரண்டுக்கும் பொருந்தாத மூன்றாவது ஒன்றாக இருக்கலாம். வேறு நாட்டுக் கேள்வித் தொகுப்பை இணையத்தில் எடுத்துப் பயிற்சி செய்பவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். இடைவினைக்கும் கணக்குக்கும் எந்த நாட்டுத் தொகுப்பையும் பயன்படுத்தலாம். சட்டத்துக்கு மட்டும் வேண்டாம்.

அப்புறம் கணக்கு. சின்னத் தப்பு என்று சொல்கிறீர்கள். அது பெருக்கல், வகுத்தலில் வருகிறதா, அலகைப் படிப்பதில் வருகிறதா என்று பார்த்தீர்களா? நான் பார்த்தவரை பெரும்பாலும் இரண்டாவதுதான். ஒரு குழந்தை, எடை 14 கிலோ. அமாக்சிசிலின், கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து, ஏழு நாள். சஸ்பென்ஷன் 5 மில்லியில் 250 மி.கி. ஒரு நாளைக்கு 560 மி.கி., ஒரு வேளைக்கு 280 மி.கி., அதாவது 5.6 மில்லி. 14 வேளைக்கு 78.4 மில்லி. 60 மில்லி பாட்டில் போதாது, 100 மில்லி பாட்டில் வேண்டும். இந்தக் கணக்கில் யாரும் தடுமாறுவதில்லை. "நாளொன்றுக்கு" என்ற ஒரு சொல்லை "வேளைக்கு" என்று படித்தவர்களுக்கு 560 மி.கி. ஒரு வேளைக்கு வந்துவிடும், அதுவும் நாலு விடைகளில் ஒன்றாகக் காத்துக்கொண்டிருக்கும். எடை பவுண்டில் கொடுத்திருந்தால் இன்னொரு பொறி: 14 கிலோ என்பது ஏறக்குறைய 31 பவுண்டு. 31-ஐ அப்படியே பெருக்கினால் டோஸ் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். ஆகவே கணக்கு போடுவதற்கு முன்னால் மூன்று சொற்களுக்கு அடியில் கோடு போடுங்கள்: கிலோவா பவுண்டா, நாளுக்கா வேளைக்கா, எத்தனை வேளை. விடை வந்ததும், "14 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தப்பான விடை காதுக்கு உடனே உறுத்தும்.

இதே பாட்டிலில் இன்னொரு கேள்வி வரும், அதை மட்டும் தனியாகப் பழகிக்கொள்ளுங்கள். பொடியில் 78 மில்லி தண்ணீர் சேர்த்தால் 100 மில்லி சஸ்பென்ஷன் வரும் என்று லேபிள் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 22 மில்லி, பொடியே பிடித்துக்கொள்ளும் இடம். ஒருவர் கவனக்குறைவாக 100 மில்லி தண்ணீர் ஊற்றிவிட்டார். மொத்தம் 122 மில்லி ஆகிவிட்டது, ஆனால் உள்ளே இருக்கும் மருந்து அதே 5,000 மி.கி. தான். ஒரு மில்லியில் 50 மி.கி. இருக்க வேண்டிய இடத்தில் 41 மி.கி. கிடைக்கும். 5.6 மில்லி கொடுத்தால் குழந்தைக்குப் போவது 280 அல்ல, ஏறக்குறைய 230 மி.கி. 18 சதவீதம் குறைவு. பார்வைக்கு இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசத்தைக் காட்டிக்கொடுப்பது பாட்டிலின் மேல் உள்ள அளவுக் கோடு மட்டும்தான். தினமும் ஐந்து கணக்கு போதும், அதில் ஒன்றாவது இந்த வகையாக இருக்கட்டும்.

இடைவினைக்கு வருகிறேன், தலை சுற்றுவது இங்கேதான். பட்டியலை இணை இணையாக மனப்பாடம் செய்ய முடியாது, யாராலும் முடியாது. எங்கே மோதல் நடக்கிறது என்று பிரித்துவிட்டால் நாலு கூடைக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும்: குடலில் உறிஞ்சப்படும் இடம், கல்லீரல் நொதிகள், சிறுநீரகம் வழியாக வெளியேறும் இடம், இரண்டு மருந்தும் உடம்பில் ஒரே வேலையைச் செய்யும் இடம். மேலே பார்த்த மெத்தோட்ரெக்சேட் சீட்டு மூன்றாவது, நாலாவது கூடைகளில் சேர்ந்து விழுகிறது. ஒவ்வொரு இணையையும் படிக்கும்போது எந்தக் கூடை என்று முதலில் எழுதுங்கள், விளைவை அப்புறம் எழுதுங்கள்.

கல்லீரல் கூடையில் மட்டும் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு கடிகாரமும் ஓடுகிறது. நொதியைத் தடுக்கும் மருந்து வேகமாக வேலை செய்யும். சிம்வாஸ்டாட்டின் எடுப்பவருக்கு கிளாரித்ரோமைசின் கொடுத்தால், சிப் 3ஏ4 நொதி தடைபட்டு சிம்வாஸ்டாட்டின் அளவு சில நாளில் ஏறிவிடும். தசை வலி, தளர்ச்சி, தேநீர் நிறத்தில் சிறுநீர் வந்தால் தசை சிதைகிறது என்று பொருள். அதனால்தான் இந்த இணை தடை செய்யப்பட்டது, கிளாரித்ரோமைசின் எடுக்கும் நாட்களில் சிம்வாஸ்டாட்டினை நிறுத்தி வைப்பார்கள். அதே குடும்பத்து அசித்ரோமைசின் இந்த நொதியை அவ்வளவாகத் தடுப்பதில்லை. குடும்பப் பெயரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. நொதியைத் தூண்டும் மருந்து நேர்மாறு, அது மெதுவாக வரும், மெதுவாகப் போகும். வார்ஃபரின் எடுப்பவருக்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால், உடம்பு புதிதாக நொதி செய்ய வேண்டியிருப்பதால் முழு விளைவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஐ.என்.ஆர். இறங்கும், வார்ஃபரின் அளவைக் கூட்டுவார்கள். ஆபத்து பின்னால் காத்திருக்கிறது: ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகு கூடுதல் நொதி சில வாரங்களில் குறையும், கூட்டிய வார்ஃபரின் அப்படியே இருந்தால் ரத்தக்கசிவு வரும். "எந்த நாட்களில் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும்" என்ற கேள்விக்கு "ரிஃபாம்பிசின் தொடங்கும்போது" என்று மட்டும் எழுதுபவர்கள் பாதிதான் எழுதுகிறார்கள். ஆகவே உங்கள் குறிப்பில் ஒவ்வொரு நொதி இணைக்கும் பக்கத்தில் "தொடக்கம்", "நிறுத்தம்" என்று இரண்டு தேதி எழுதுங்கள்.

இதுவரை சொன்னதில் சந்தேகம் இல்லை. சந்தேகமான பகுதியும் இருக்கிறது, அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கருத்தடை மாத்திரை எடுப்பவர் எந்த ஆன்டிபயாட்டிக் எடுத்தாலும் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். இப்போதைய வழிகாட்டுதல்களில் பெரும்பாலும், ரிஃபாம்பிசின் போல நொதியைத் தூண்டுபவற்றுக்குத்தான் அந்த எச்சரிக்கை, சாதாரண அமாக்சிசிலினுக்கு இல்லை, வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அது தனிக்கதை. நீங்கள் வைத்திருக்கும் கேள்வித் தொகுப்பு பழையதாக இருந்தால் அதன் விடை இதற்கு முரணாக இருக்கும். அப்படி முரண் வரும் இடத்தில் வாரியம் தன் பாடத்திட்டத்தில் பெயர் சொல்லும் நூலைப் பின்பற்றுங்கள், எந்த நூல் என்று பக்கத்தில் குறித்தும் வையுங்கள். தேர்வு அறையில் இரண்டு நினைவுகள் சண்டை போட்டால், தேதியுள்ள நினைவு ஜெயிக்கும்.

ஐந்தாவது வாரத்திலிருந்து ராத்திரிக்கு இரண்டு முழுச் சீட்டு. சீட்டுகளுக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். பகலில் வேலை செய்யும் இடத்தில் பார்த்த சீட்டைப் பெயரும் அடையாளமும் இல்லாமல் மருந்து, அளவு, வயது மட்டும் மனதில் வாங்கி வந்து, அதில் ஒரு தப்பை நீங்களே செருகுங்கள். தேதியை மாற்றுங்கள், "நாளுக்கு" என்பதை "வேளைக்கு" ஆக்குங்கள், மோதும் மருந்து ஒன்றைச் சேருங்கள். இரண்டு நாள் கழித்து அதையே எடுத்துக் கண்டுபிடியுங்கள். தப்பைச் செருகிப் பழகியவர் தேர்வில் அதை முகர்ந்தே கண்டுபிடிப்பார். தப்பு நோட்டு ஒன்று தனியாக இருக்கட்டும், அதில் ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் "தெரியாது", "கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை", "பெருக்கலில் பிசகு" என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். "தெரியாது" என்பவற்றுக்குத்தான் புத்தகம் மருந்து. கேள்வியைச் சரியாகப் படிக்காமல் போனதற்கு இன்னும் பத்துப் பக்கம் படித்தாலும் பயன் இல்லை, கோடு போடும் பழக்கம்தான் வேண்டும். பயிற்சிக் காலத்தில் என் நோட்டில் மூன்றில் இரண்டு பங்கு அந்த இரண்டாவது வகை. அதைப் பார்த்த பிறகுதான் நான் ராத்திரி படிக்கும் நேரத்தைக் குறைத்து, மெதுவாகப் படிக்கும் கேள்விகளைக் கூட்டினேன்.

எட்டாவது வாரத்தில் புதிதாக எதையும் தொடாதீர்கள். காலையில் சட்டக் கட்டத்தைப் பார்க்காமல் நிரப்புவது, ராத்திரி தப்பு நோட்டு, நடுவில் ஒரு நாள் நேரம் வைத்து முழுத் தேர்வு. இடைவினைக் கேள்விகளில் "ஆலோசனை சொல்லிக் கொடுக்கலாம்", "எழுதியவரைக் கூப்பிட வேண்டும்" என்று இரண்டு விடை கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும்போது, கூடைகளுக்குத் திரும்புங்கள். மோதல் குடலில் என்றால் பெரும்பாலும் நேரம் தள்ளி வைத்தால் தீரும்: சிப்ரோஃப்ளாக்சசினை ஆன்டாசிட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ, லெவோதைராக்சினைக் கால்சியம், இரும்பு மாத்திரைகளிலிருந்து நாலு மணி நேரம் விலக்கி. அங்கே ஆலோசனை சொல்லிக் கொடுக்கலாம். மோதல் கல்லீரலிலோ சிறுநீரகத்திலோ, அல்லது இரண்டு மருந்தின் வேலையிலேயோ என்றால் கடிகாரத்தைத் தள்ளி வைத்து ஒன்றும் ஆகாது. அங்கே மருந்தை மேசையிலேயே வைத்துவிட்டு, போனைக் கையில் எடுக்க வேண்டும்.